வசூலாகாத பில்லைப் போக்கெழுதும்போது அதற்குள் இருக்கும் வரியை என்ன செய்வது?

கேள்வி: ஒரு வாடிக்கையாளர் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு மீதிக்குக் கைவிரித்துவிட்டார், இனி வராது. பில்லை நீக்கிவிடலாமா, இல்லை கிரெடிட் நோட் போட்டு முடிக்கலாமா? இந்தப் பில்லுக்கு நான் ஏற்கனவே கட்டிய விற்பனை வரி திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எந்த ரிட்டர்னில், எவ்வளவு காட்டுவது?

பதில்:

பில்லை நீக்காதீர்கள். வாடிக்கையாளருக்குக் கிரெடிட் நோட்டும் அனுப்பாதீர்கள். அந்த விற்பனை உண்மையாகவே நடந்தது, பொருளோ வேலையோ கைமாறியது, அதற்கான வரியும் அந்தந்த மாதத்திலேயே சரியாகக் கட்டப்பட்டது. இப்போது மாறியிருப்பது ஒன்றே ஒன்றுதான்: பணம் வரவில்லை. அதனால் கணக்கிலும் அந்த ஒன்றைத்தான் பதிய வேண்டும். பில்லை நீக்கினால் முடிந்துபோன காலத்தின் விற்பனை குறையும், அந்தக் காலத்துக்கு நீங்கள் ஏற்கனவே தாக்கல் செய்த ரிட்டர்னும் உங்கள் புத்தகமும் ஒத்துப்போகாது. கிரெடிட் நோட் அனுப்பினால் இன்னும் மோசம், "நீ இவ்வளவு தர வேண்டியதில்லை" என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். நாளைக்கு அவர் திவாலாகி, இருக்கும் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிலை வந்தால், கையில் அந்தக் காகிதம் இருக்கும்போது உங்கள் பெயர் பட்டியலில் எதற்கு இருக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

போக்கெழுதுவது வேறு, தள்ளுபடி செய்வது வேறு. போக்கெழுதுவது உங்கள் புத்தகத்துக்குள் நடக்கும் காரியம், கடன் அப்படியேதான் இருக்கிறது, நீங்கள் அதைச் சொத்தாக எண்ணுவதை மட்டும் நிறுத்துகிறீர்கள். தள்ளுபடி என்பது அவரோடு பேசி விலையைக் குறைத்துக்கொள்வது. பொருள் பழுது, வேலை சரியில்லை என்று தகராறு வந்து, "சரி, இருபதாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தால் அது விலைக் குறைப்பு, அங்கே கிரெடிட் நோட்தான் சரியான வழி. வாராக்கடன் அப்படி இல்லை. விலையில் இரண்டு பேருக்கும் சண்டையே கிடையாது, அவரிடம் பணம் இல்லை, அவ்வளவுதான். வரி அதிகாரி கேட்கும்போது முதலில் பிரித்துப் பார்ப்பது இதைத்தான்.

அப்புறம், இதில் மூன்று தனித்தனி வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, உங்கள் புத்தகத்தில் போக்கெழுதுவது. இரண்டு, விற்பனை மீது நீங்கள் வசூலித்துக் கட்ட வேண்டியிருந்த வரி, அதாவது வாட், ஜிஎஸ்டி வகை வரி. மூன்று, உங்கள் லாபத்தின் மீதான வருமான வரி. மூன்றுக்கும் நிபந்தனை வேறு, நாள் கணக்கும் வேறு. ஒன்றைச் செய்தால் மற்ற இரண்டும் தானாக நடந்துவிடும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. உங்கள் கேள்வியின் கனமான பகுதி இரண்டாவதுதான், அதனால் அதில் அதிக நேரம் நிற்கிறேன்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க வரி விகிதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 10 அன்று 2,00,000-க்கு விற்றீர்கள், வரி 20,000, பில் மொத்தம் 2,20,000. பணம் தர வேண்டிய கடைசி நாள் ஏப்ரல் 9. அவர் ஜூன் மாதத்தில் 66,000 கொடுத்தார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நிலுவை 1,54,000. முழு வரி 20,000-ஐயும் நீங்கள் மார்ச் காலத்து ரிட்டர்னிலேயே காட்டிக் கட்டிவிட்டீர்கள்.

முதல் கேள்வி, இந்த 1,54,000-க்குள் வரி எவ்வளவு? இங்கே நிறையப் பேர் 1,54,000-இல் 10 சதவீதம் என்று 15,400 போடுவார்கள். தவறு. நிலுவைத் தொகை வரியையும் சேர்த்தது, அதனால் வரியைப் பின்னோக்கிப் பிரித்தெடுக்க வேண்டும். விகிதத்தை நூறுடன் கூட்டி வரும் எண்ணால் விகிதத்தை வகுங்கள்: 10 சதவீதத்துக்கு 10/110, அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. 20 சதவீதத்துக்கு ஆறில் ஒரு பங்கு. 18 சதவீதத்துக்கு 18/118. நம் உதாரணத்தில் 1,54,000-ஐ 11-ஆல் வகுத்தால் 14,000 வரி, மீதி 1,40,000 விற்பனை மதிப்பு. 15,400 போட்டிருந்தால் 1,400 கூடுதலாகக் கேட்டிருப்பீர்கள், அது பிறகு வட்டியோடு திரும்பிக் கட்ட வேண்டிய தொகையாகிவிடும்.

அடுத்து, அவர் கொடுத்த 66,000 எதற்குப் போனது? "முதலில் விற்பனை மதிப்புக்குத்தான் வந்தது, வரி முழுக்க நிலுவை" என்று வைத்துக்கொண்டால் 20,000 முழுவதையும் திரும்பக் கேட்கலாமே என்று ஆசை வரும். அப்படி வைத்துக்கொள்ள முடியாது. வந்த ஒவ்வொரு தொகையிலும் மதிப்பும் வரியும் பில்லில் இருந்த அதே விகிதத்தில்தான் இருக்கின்றன. 66,000-இல் 60,000 மதிப்பு, 6,000 வரி. 20,000-இலிருந்து 6,000 போனால் 14,000, மேலே வகுத்து எடுத்த எண்ணும் அதுவேதான். இரண்டு வழியிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. பில்லில் இரண்டு விதமான வரி விகிதம் இருந்தால், அல்லது ஒரு பகுதிக்கு வரியே இல்லை என்றால், நிலுவையை அந்தப் பகுதிகளுக்கு விகிதப்படி பிரித்துவிட்டு ஒவ்வொன்றிலும் தனியாக வரியை எடுங்கள். மொத்தமாக ஒரே விகிதம் போட்டால் கண்டிப்பாகத் தப்பும்.

ஒரே வாடிக்கையாளருக்குப் பல பில்கள் இருந்து, அவர் எந்தப் பில்லுக்கு என்று சொல்லாமல் ஒரு தொகையை அனுப்பியிருந்தால், பொதுவாகப் பழைய பில்லிலிருந்து கழித்துக்கொண்டு வர வேண்டும். நமக்குச் சாதகமான பில்லில் வரவு வைத்துக்கொண்டு மற்றதைப் போக்கெழுதக் கூடாது. பிரிட்டனில் இது எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது.

இப்போது புத்தகத்தில் பதிவு. உங்கள் நாட்டில் வரி நிவாரணம் உண்டு, அதற்கான காலமும் முடிந்துவிட்டது என்றால் பதிவு இப்படி இருக்கும்:

```
வாராக்கடன் செலவு               பற்று   1,40,000
விற்பனை வரி கணக்கு              பற்று     14,000
    வாடிக்கையாளர் கணக்கு         வரவு   1,54,000
```

விற்பனைக் கணக்கை எங்குமே தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். 2,00,000 விற்பனை அப்படியே இருக்கிறது. செலவு 1,40,000 தான், 1,54,000 இல்லை. ஏனென்றால் 14,000 உங்கள் வருமானமாக ஒருபோதும் இருந்ததில்லை, அரசுக்காக நீங்கள் கட்டிவைத்த பணம், அது இப்போது அரசிடமிருந்து திரும்ப வருகிறது.

காலம் இன்னும் வரவில்லை, ஆனால் ஆண்டு முடிகிறது, புத்தகத்தில் இப்போதே போக்கெழுதியாக வேண்டும் என்ற நிலை அடிக்கடி வரும். அப்போது வரிக் கணக்கை இப்போதே பற்று வைத்தால், ரிட்டர்னில் அந்தத் தொகை இன்னும் இருக்காது, இரண்டும் ஒத்துப்போகாது. அதற்குத் தனியாக ஒரு இடைக்கணக்கு திறந்துகொள்ளுங்கள், "வர வேண்டிய வரி நிவாரணம்" என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்:

```
வாராக்கடன் செலவு               பற்று   1,40,000
வர வேண்டிய வரி நிவாரணம்         பற்று     14,000
    வாடிக்கையாளர் கணக்கு         வரவு   1,54,000
```

காலம் வந்த பிறகு, அந்த ரிட்டர்ன் மாதத்தில் விற்பனை வரி கணக்கைப் பற்று வைத்து இடைக்கணக்கை வரவு வைத்தால் அது பூச்சியமாகிவிடும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, அந்தக் கணக்கில் நிற்கும் எண் நீங்கள் இன்னும் கேட்காத நிவாரணம் எவ்வளவு என்று எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்கும். நான் பார்த்தவரை, நிவாரணம் கிடைக்காமல் போவதற்கு விதி தடுப்பதைவிட, போக்கெழுதிவிட்டுக் காலம் வரும்போது மறந்துவிடுவதே பெரிய காரணம்.

காலம் எப்போது வருகிறது என்பது முழுக்க முழுக்க நாட்டைப் பொறுத்தது, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதும் மாறும். பிரிட்டனில் பொருள் வழங்கிய நாள், பணம் தர வேண்டிய நாள் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதம் கடக்க வேண்டும். நம் உதாரணத்தில் ஏப்ரல் 9-இலிருந்து எண்ணி அக்டோபர் 9 தாண்ட வேண்டும். கோருவதற்கும் கடைசி எல்லை இருக்கிறது, அதே பிந்திய நாளிலிருந்து நான்கு வருடம் ஆறு மாதம். சிங்கப்பூரில் பொருள் வழங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம், ஆக அடுத்த மார்ச் 10 வரை காத்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் அதற்கு முன்பே திவாலாகிவிட்டால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் இரண்டில் ஒன்று போதும்: வாராக்கடன் என்று போக்கெழுதியிருக்க வேண்டும், அல்லது தவணை தவறிப் பன்னிரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். அங்கே டிசம்பரில் போக்கெழுதினால் டிசம்பர் காலத்து ரிட்டர்னிலேயே 14,000-ஐச் சரிசெய்யலாம். ஒரே பில், ஒரே வாடிக்கையாளர், மூன்று இடத்தில் மூன்று நாள். அதனால் யாரோ சொன்ன "ஆறு மாதம்" என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே இருந்தாலும் பொதுவாக ஒத்துப்போகும் விஷயங்கள் சில உண்டு. அந்த வரியை நீங்கள் ஏற்கனவே ரிட்டர்னில் காட்டிக் கட்டியிருக்க வேண்டும். கடனை வேறு யாருக்கும் விற்றிருக்கக் கூடாது. நிபந்தனை நிறைவேறிய பிறகு வரும் ரிட்டர்னில்தான் சரிசெய்ய வேண்டும், பழைய மார்ச் ரிட்டர்னைத் திருத்தக் கூடாது. மார்ச் ரிட்டர்ன் தாக்கல் செய்த நாளில் சரியாகத்தான் இருந்தது, அதில் திருத்த ஒன்றுமில்லை.

ரிட்டர்னில் எந்தக் கட்டத்தில் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. விற்பனை வரியைக் குறைத்துக் காட்டத்தான் முதலில் கை போகும். பிரிட்டனில் அப்படிக் கிடையாது, உள்ளீட்டு வரியைக் காட்டும் 4-ஆம் கட்டத்தில் கூட்ட வேண்டும். சிங்கப்பூரிலும் உள்ளீட்டு வரிப் பக்கம்தான். ஆஸ்திரேலியாவில் அதைச் சரிக்கட்டல் என்று தனியாகவே பெயர் வைத்து நடத்துகிறார்கள். கட்ட வேண்டிய நிகரத் தொகை எந்தக் கட்டத்தில் போட்டாலும் ஒன்றுதான், ஆனால் விற்பனைப் பக்கத்தில் குறைத்தால் உங்கள் மொத்த விற்பனை குறைந்து காட்டப்படும், அது பிறகு வருமான வரிக் கணக்கில் காட்டிய விற்பனையோடு பொருந்தாது, அங்கிருந்து ஒரு நோட்டீஸ் வரும்.

கணக்கு மென்பொருளில் இதைச் செய்யும்போதுதான் அநேகமாக இந்தத் தவறு நடக்கிறது. பல மென்பொருள்களில் போக்கெழுதுவதற்கென்று தனிப் பொத்தான் இருக்காது, உள்ளுக்குள் ஒரு கிரெடிட் நோட் உருவாக்கி அந்தப் பில்லோடு இணைக்கச் சொல்லும். அதைச் செய்வதில் தவறில்லை, ஆனால் கிரெடிட் நோட்டில் தொகை எழுதும் வரிசையில் விற்பனைக் கணக்கு தானாக நிரம்பியிருக்கும், அதை வாராக்கடன் செலவுக் கணக்கு என்று மாற்ற வேண்டும். வரிக் குறியீட்டையும் பாருங்கள்: விற்பனைக்கான குறியீட்டை விட்டால் அது ரிட்டர்னின் விற்பனைப் பகுதியில் கழிந்து போய் நிற்கும். வாராக்கடன் நிவாரணத்துக்கென்று குறியீடு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் வரியில்லாக் குறியீட்டோடு முழுத் தொகையையும் இடைக்கணக்குக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து குறிப்பேட்டுப் பதிவால் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிரெடிட் நோட் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் தானாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு போட்ட பிறகு சரியா என்று பார்க்க நான்கு இடம் போதும். வாடிக்கையாளர் கணக்கு பூச்சியம். பில் வந்த மாதத்தின் விற்பனை மாறவில்லை. வாராக்கடன் செலவில் 1,40,000. விற்பனை வரி கணக்கின் இருப்பு, இந்த ரிட்டர்னில் வரும் நிகரத் தொகையோடு ஒத்துப்போகிறது. கடைசியில் சொன்னது 14,000 வித்தியாசம் காட்டினால், ஒன்று நிவாரணத்தை ரிட்டர்னில் எடுத்துவிட்டுப் புத்தகத்தில் செலவாகவும் 1,54,000 போட்டுவிட்டீர்கள், இல்லை புத்தகத்தில் எடுத்துவிட்டு ரிட்டர்னில் மறந்துவிட்டீர்கள். முதல் வகைதான் ஆபத்தானது, ஒரே 14,000-க்கு இரண்டு இடத்தில் பலன் எடுத்ததாகிவிடும்.

இனி, நிவாரணமே இல்லாத இடம். இந்தியாவின் ஜிஎஸ்டி சட்டத்தில் வாராக்கடனுக்கு நிவாரணம் கிடையாது. பணம் வராவிட்டாலும் கட்டிய வரி கட்டியதுதான். கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். அதற்கான பிரிவு 34, பில்லில் மதிப்போ வரியோ அதிகமாகிவிட்டது, பொருள் திரும்பி வந்தது, பொருளோ சேவையோ குறைபாடாக இருந்தது போன்ற காரணங்களுக்குத்தான் இடம் தருகிறது. பணம் தரவில்லை என்பது அந்தக் காரணங்களில் இல்லை. வாங்கியவர் 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அவர் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பிறகு பணம் தந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் திருப்பிக் கட்டுவதால் உங்களுக்கு ஒன்றும் வராது. ஒரே விற்பனைக்கு இரண்டு பக்கமும் அரசுக்கு வரி போகிறது, விற்றவர் தலையில் முழுச் சுமை. இது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து, ஆனால் சட்டம் மாறும்வரை அதன்படிதான் கணக்கு எழுத வேண்டும்.

அங்கே பதிவு எளிது, 1,54,000 முழுவதும் வாராக்கடன் செலவுக்குப் போகும், வரிக் கணக்கைத் தொட மாட்டோம். ஒரு வழி மட்டும் திறந்திருக்கிறது: பொருள் இன்னும் அவரிடம் பயன்படுத்தாமல் இருந்தால், அதை உண்மையாகவே திரும்ப வாங்கிக்கொண்டு கிரெடிட் நோட் போடலாம். அது வாராக்கடன் இல்லை, விற்பனைத் திரும்பல், அதனால் வரியும் குறையும். ஆனால் அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் (அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளுக்குள்) அதை ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். பொருள் திரும்பி வராமல் காகிதத்தில் மட்டும் வந்ததாகக் காட்டுவது பொய் ஆவணம், அதைச் செய்யாதீர்கள். பணம் வராது என்று தெரிந்ததும் வருடக்கணக்கில் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிராமல், பொருளையாவது மீட்க முடியுமா என்று முதல் சில மாதங்களிலேயே பேசுவது இந்தக் காரணத்தால்தான் முக்கியம்.

வருமான வரிக்கு வருவோம். இங்கே அடிப்படை விதி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: எந்தத் தொகை முன்பு உங்கள் வருமானத்தில் சேர்ந்ததோ அதைத்தான் வாராக்கடனாகக் கழிக்க முடியும். நம் உதாரணத்தில் 2,00,000 விற்பனையாக வருமானத்தில் ஏறியது, அதில் 1,40,000 வரவில்லை, அதைக் கழிக்கலாம். வருமானத்தில் ஏறாத எதையும் இந்தத் தலைப்பில் கழிக்க முடியாது. நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்தது, பழைய இயந்திரத்தை விற்றதில் வராத பணம், இவை எல்லாம் உங்கள் சாதாரண வியாபாரத்தின் விற்பனையாக ஏறவில்லை என்பதால் வேறு கேள்வி. நிவாரணம் கிடைக்காத ஜிஎஸ்டி பகுதியும் இதே காரணத்தால் சிக்கலானது, அது விற்பனையாக ஏறாத தொகை, ஆகையால் அதை எந்தத் தலைப்பில் கோருவது என்று உங்கள் ஆடிட்டரோடு தனியாகப் பேசி முடிவு செய்யுங்கள், மொத்தத்தோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

ரொக்க அடிப்படையில் கணக்கு வைப்பவர்களுக்கு, அதாவது பணம் கைக்கு வந்தபோதுதான் வருமானம் என்று எழுதுகிறவர்களுக்கு, வராத பில்லுக்குக் கழிவே கிடையாது. அந்தப் பில் வருமானத்தில் ஏறவே இல்லை, பிறகு எதைக் கழிப்பது? வேலை செய்தேன், உழைப்பு வீண் என்ற ஆதங்கம் புரிகிறது, ஆனால் வராத கட்டணத்தைச் செலவாகவும் போட்டால் ஒரே இழப்பை இரண்டு முறை எண்ணியதாகும். விற்பனை வரியையும் ரொக்க அடிப்படையில் கட்டுகிறவர் வராத பணத்துக்கு வரியே கட்டியிருக்க மாட்டார், அவருக்கு நிவாரணமும் தேவையில்லை. மேலே சொன்ன எல்லாமே பில் தேதிப்படி கணக்கு எழுதுகிறவர்களுக்கு.

இந்தியாவில் 1989 ஏப்ரலுக்கு முன்னால், கடன் உண்மையிலேயே வராது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு புத்தகத்தில் வாராக்கடன் என்று போக்கெழுதினாலே போதும் என்று சட்டம் மாறியது, 2010-இல் உச்ச நீதிமன்றமும் டிஆர்எஃப் நிறுவன வழக்கில் அதையே உறுதிப்படுத்தியது. ஆனால் போக்கெழுதுவது என்றால் உண்மையாகவே எழுத வேண்டும். "சந்தேகக் கடனுக்கு ஒதுக்கு" என்று மொத்த நிலுவையில் ஐந்து சதவீதம் எடுத்து வைத்துவிட்டு வாடிக்கையாளர் கணக்கை அப்படியே விட்டால், லாபத்தைக் கணிக்க அது நல்ல பழக்கம்தான், வருமான வரிக்குக் கழிவாகாது. ஏற்கனவே ஒதுக்கு வைத்திருந்து இப்போது குறிப்பிட்ட கடனைப் போக்கெழுதினால், செலவை மறுபடி பற்று வைக்காமல் ஒதுக்கைப் பற்று வையுங்கள். இல்லையென்றால் ஒரே நட்டம் இரண்டு வருடத்தில் இரண்டு முறை லாபத்தைக் குறைக்கும். வரிக்குக் கழிவு மட்டும் இந்த இரண்டாவது வருடத்தில்தான், அந்த வருடத்துக் கணக்கீட்டுத் தாளில் தனியாகக் காட்ட வேண்டும்.

போக்கெழுதிய பிறகு பணம் வந்தால்? அடிக்கடி வரும். நம் வாடிக்கையாளரின் சொத்துக்களை விற்றதில் உங்கள் பங்காக 22,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக விற்பனைப் பில் போடாதீர்கள், பழைய பில்லையும் உயிர்ப்பிக்காதீர்கள். நிவாரணம் எடுத்திருந்தால் அதே பதினொன்றில் ஒரு பங்கு இங்கேயும் பிரியும்:

```
வங்கி                           பற்று     22,000
    வாராக்கடன் மீட்பு வருமானம்     வரவு     20,000
    விற்பனை வரி கணக்கு           வரவு      2,000
```

அந்த 2,000-ஐப் பணம் வந்த காலத்து ரிட்டர்னில் திருப்பிக் கட்ட வேண்டும். 20,000 அந்த வருடத்து வருமானம், முன்பு 1,40,000 கழித்தபோது பலன் எடுத்தீர்கள் அல்லவா, அதனால் திரும்ப வந்த பகுதிக்கு வருமான வரி உண்டு. நிவாரணம் எடுக்காத இடத்தில் 22,000 முழுவதையும் மீட்பு வருமானக் கணக்கில் வரவு வையுங்கள், விற்பனை வரி கணக்கில் ஒன்றும் இல்லை, முழு வரியையும் முன்பே கட்டிவிட்டீர்கள்.

வசூல் நிறுவனம் மூலமாகப் பணம் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வாடிக்கையாளர் 22,000 கட்டினார், நிறுவனம் தன் கட்டணம் 4,400 எடுத்துக்கொண்டு 17,600 உங்களுக்கு அனுப்புகிறது. வங்கியில் விழுந்தது 17,600 என்பதால் அதிலிருந்து வரியைப் பிரிப்பார்கள். வாடிக்கையாளர் கட்டியது 22,000, கணக்கு அதிலிருந்துதான். 4,400 உங்கள் தனிச் செலவு, அதன் மீது அந்த நிறுவனம் வரி போட்டிருந்தால் அது உங்கள் உள்ளீட்டு வரி. ஏஜென்சி அனுப்பும் அறிக்கையை வாங்கிப் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், வங்கி அறிக்கை மட்டும் இருந்தால் இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது.

கோப்பில் வைக்க வேண்டியவை: பில் நகல், அந்தப் பில்லின் வரி எந்த ரிட்டர்னில் போனது என்பதற்கான ஆதாரம், வந்த பகுதிப் பணத்தின் விவரம், நீங்கள் அனுப்பிய நினைவூட்டல்கள், போக்கெழுத முடிவு செய்த தேதியும் கையெழுத்தும், மேலே செய்த வகுத்தல் கணக்கு. நிறுவனம் என்றால் இயக்குநர் குழுத் தீர்மானம். பிரிட்டன் போன்ற இடங்களில் வாராக்கடன் நிவாரணத்துக்கென்று தனிக் கணக்கே பராமரிக்கச் சொல்கிறார்கள். மற்ற இடங்களிலும் ஒரு பில்லுக்கு ஒரு வரிசை என்று எளிய அட்டவணை வைத்துக்கொண்டால், அதில் பில் எண், பொருள் வழங்கிய நாள், தவணை நாள், நிலுவை, அதற்குள் வரி, எந்த ரிட்டர்னில் கேட்டது, பிறகு வந்தது எவ்வளவு, திருப்பிக் கட்டியது எந்த ரிட்டர்னில் என்று இருந்தால், மூன்று வருடம் கழித்து வரும் கேள்விக்கு அந்த ஒரு தாளே பதில்.